கிணறு மேலே வருகிறதா, காணி கீழே போகிறதா? கானை அடைக்கச் சொல்கிறார்கள்

கந்தப்பளைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கந்தப்பளைப் பக்கம் அரை ஏக்கர் மரக்கறிக் காணி இருக்கிறது. இரண்டு மேட்டுக்கு நடுவில் உள்ள பள்ளம். அப்பா எடுத்தபோது அது வெறும் சதுப்பு, கால் வைத்தால் முழங்கால் வரை போகுமாம். 1994இல் நடுவே ஒரு பெரிய கானும் பக்கத்தில் சின்னக் கான்கள் நாலும் வெட்டித் தண்ணீரை ஓயாவுக்கு இறக்கிவிட்டார். அன்றிலிருந்து லீக்ஸ், கரட், பீட்ரூட் என்று போட்டுக்கொண்டு இருக்கிறோம். மண் கரிக் கறுப்பு. ஆரம்பத்தில் விளைச்சலும் அமோகம்.

விஷயம் இதுதான். காணி மூலையில் அப்பா இறக்கிய கிணறு ஒன்று இருக்கிறது. மேல் வளையத்தை மண்ணோடு மட்டமாக வைத்ததாகச் சொல்வார். இப்போது அந்த வளையம் மண்ணுக்கு மேலே இரண்டு அடி நிற்கிறது. என் மகன் அதில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுகிறான். கிணறு வளர்கிறது என்று வீட்டில் பகிடி.

போன மாதம் ஒரு திட்டத்து ஆட்கள் வந்து, "இது பீட் நிலம், காய்ந்ததால் கார்பன் போகிறது, கானை அடைத்து மறுபடி ஈரமாக்கினால் காலநிலைக்கு நல்லது" என்று சொன்னார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்தும் கேட்டார்கள். எவ்வளவு போகிறது, எப்படித் தெரியும், கரட்டை எங்கே போடுவது என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. அப்புறம் ஆளையும் காணோம். உண்மையில் இதில் ஏதாவது இருக்கிறதா?

பூச்சட்டி

அண்ணே, பீட் என்றால் கடையில் கட்டியாக விற்கிறார்களே, தண்ணீர் ஊற்றினால் பொங்கி வருமே, அதுதானே? நான் ரோஜாவுக்கு அதைத்தான் போடுகிறேன். காய்ந்தால் சுருங்கும், ஈரமானால் பழையபடி ஊதும். உங்கள் காணியும் மழைக்கு ஊதி வந்துவிடும், பயப்படாதீர்கள்.

மண்வெட்டி

பூச்சட்டி, நீங்கள் சொல்வது தேங்காய் மட்டைத் தூள். பெயரில் மட்டும் பீட். இங்கே பேசுவது சதுப்பில் ஆயிரக்கணக்கான வருடம் புல்லும் கோரையும் பாசியும் விழுந்து, மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண்.

நான் மண் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் இருந்தவன். ஊறுகாய்ச் சாடியில் மேலே எண்ணெய் நிற்கும் வரைக்கும் காய் கெடாது. எண்ணெய் வற்றி மேல் துண்டுக்குக் காற்றுப் பட்டால் ஒரு வாரத்தில் பூஞ்சை. சதுப்பில் அந்த எண்ணெயின் வேலையைத் தண்ணீர் செய்கிறது. தண்ணீருக்குள் ஒட்சிசன் ஊடுருவும் வேகம் காற்றில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு குறைவு, அதனால் செத்த புல்லை முழுதாகத் தின்று முடிக்க நுண்ணுயிர்களால் ஆவதில்லை. நுவரெலியா குளிரும் கூடச் சேர்ந்தால் இன்னும் மெதுவாகும். ஹோர்ட்டன் சமவெளிச் சதுப்புகளில் எடுத்த பீட் மாதிரியில் சுமார் 24,000 வருடக் காலநிலைக் கதையே மகரந்தமாக அடுக்கில் கிடைத்தது.

அப்பா கான் வெட்டிய அன்று சாடியின் எண்ணெயை வடித்துவிட்டார். அவ்வளவுதான். மேல் மண்ணுக்குக் காற்றுப் பட்டு, பழைய புல் எல்லாம் கார்பன் டையொக்சைட்டாகப் பறக்கத் தொடங்கியிருக்கும். முதல் பத்து வருடம் விளைச்சல் அமோகமாக இருந்ததற்கும் அதுதான் காரணம், மக்கும்போது தழைச்சத்து சும்மா கிடைக்கும். பிறகு யூரியா கூடக் கூடத் தேவைப்பட்டிருக்குமே?

கிணற்று வளையம் நல்ல சாட்சி. இங்கிலாந்தில் ஹோம் என்ற சதுப்பை வடித்தபோது, 1851இல் ஒரு இரும்புத் தூணை அடிக் களிமண் வரை இறக்கி, உச்சி மண்ணோடு மட்டமாக இருக்கும்படி நட்டார்கள். இன்று அது சுமார் 4 மீற்றர் வெளியே நிற்கிறது. தூண் அசையவில்லை, நிலம்தான் இறங்கியது. உங்கள் கிணறும் அடிக் களியில் உட்கார்ந்திருந்தால் அதே கதை.

கந்தப்பளைக்காரன்

யூரியா விஷயம் அச்சு அசல். அப்பா முதல் வருடங்களில் சாணி மட்டும் போட்டாராம். கிணறு வெள்ளைக் களி வரை போகிறது, தூர் வாரும்போது நானே பார்த்திருக்கிறேன்.

பாஸ்கி ஹட்டன்

எனக்கு ஒரு சந்தேகம். கானை அடைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் மீத்தேன் வரும். வயலில் வருவது மாதிரி. மீத்தேன் கார்பன் டையொக்சைட்டைவிட 28 மடங்கு மோசம் என்று எங்கும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் சதுப்பாக்குவது சட்டியிலிருந்து அடுப்பில் விழுகிற கதைதானே? இதைச் சொன்னால் சூழல்காரர்கள் யாரும் பதில் தருவதில்லை.

மண்வெட்டி

பாதி சரி. மீத்தேன் வரும், அதை மறைப்பவர்கள் தப்புச் செய்கிறார்கள். ஆனால் 28 என்பது ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ, நூறு வருடக் கணக்கு. எத்தனை கிலோ வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவில் மறுபடி ஈரமாக்கிய சத்துள்ள சதுப்புகளுக்கு ஐ.நா.வின் காலநிலை விஞ்ஞானிகள் குழுவான ஐ.பி.சி.சி. கொடுக்கும் சராசரி, ஹெக்டேயருக்கு வருடம் 290 கிலோ மீத்தேன் அளவு. 28ஆல் பெருக்கினால் 8 தொன் வரும். அதே நிலம் வடித்துப் பயிரிட்ட நிலையில் 29 தொன் கார்பன் டையொக்சைட் விடும், அதற்கு மேல் உரத்தால் வரும் நைட்ரஸ் ஒக்சைட் வேறு.

இன்னொன்று. மீத்தேன் கைமாற்று மாதிரி, பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காற்றிலேயே கரைந்து தீர்ந்துவிடும். வருடா வருடம் ஒரே அளவு விட்டால் காற்றில் இருக்கும் அளவும் ஒரு மட்டத்தில் நின்றுவிடும். கார்பன் டையொக்சைட் அடகுக் கடை. இந்த வருடத்தது போன வருடத்ததின் மேல் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் 2020இல் வந்த ஒரு ஆய்வு, மீத்தேனைச் சேர்த்துப் பார்த்தாலும் தள்ளிப் போடாமல் சீக்கிரம் ஈரமாக்குவதே வெப்பத்தைக் குறைக்கும் என்று கணக்குக் காட்டியது.

ஆனால் உங்கள் பயம் உண்மையாகும் இடமும் ஒன்று உண்டு. அறுவடை முடிந்த காணியில் கோவா இலையும் யூரியா மிச்சமும் கிடக்க, மேலே ஒரு அடி தண்ணீரை நிறுத்தினால் முதல் சில வருடம் மீத்தேன் கொட்டும். குமிழ் குமிழாக வரும், கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் மண்ணுக்கு ஒரு சாண் கீழே நின்றால், கீழே உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதியை மேல் மண்ணில் இருக்கும் பக்டீரியாவே தின்றுவிடும். குளம் கட்டச் சொன்னால் அது வேறு வேலை.

சுந்தரம் மாஸ்டர்

குளம் என்றதும் ஞாபகம் வந்தது. நுவரெலியா கிரகரி வாவி இருக்கும் இடமே முன்பு சதுப்புத்தான். 1873இல் ஆளுநர் கிரகரி காலத்தில் அதை வாவியாக்கினார்கள். அப்படிப் பார்த்தால் 150 வருடத்துக்கு முன்பே நம் ஊரில் இந்த ஈரமாக்கும் வேலை நடந்துவிட்டது. வெள்ளைக்காரன் தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ!

மண்வெட்டி

மாஸ்டர், அடியில் கிடக்கும் பழைய பீட்டை வாவி மூடி வைத்திருக்கும், அது சரி. ஆனால் ஆழத் தண்ணீரில் கோரையும் புல்லும் முளைக்காது, புதுப் பீட் சேராது. சேறும் நகரத்துக் கழிவும் சேர்ந்து மீத்தேன்தான் வரும். படகு விட நல்லது.

லிந்துலை மலர்

எல்லோரும் கானை அடைப்பது பற்றிச் சாதாரணமாகப் பேசுகிறீர்கள். எங்கள் தோட்டத்தில் மழைக்காலத்துக்கு முன் கான் சுத்தம் பண்ணாவிட்டால் லயத்தில் யாருக்கும் நித்திரை வராது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டீர்களா? யாராவது இதை வாசித்துவிட்டு "கானை அடைத்தால் கார்பனுக்குக் காசு" என்று மலையில் கானை அடைத்தால் என்ன ஆகும்? நீங்கள் காணியோடு போய்விடுவீர்கள், கீழே இருப்பது நாங்கள்.

மண்வெட்டி

மலர் அக்கா, இதை முதல் பதிலிலேயே நான் எழுதியிருக்க வேண்டும். என் தவறு.

சரிவில் இருக்கும் தேயிலைக் கான் வேறு, பள்ளத்துச் சதுப்புக் கான் வேறு. சரிவில் இருப்பது சிவப்பு மண், அதில் பீட் கிடையாது, அங்கே கானை அடைப்பதால் காலநிலைக்கு ஒரு சதமும் லாபம் இல்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மலை நழுவும். அந்தக் கான்கள் திறந்தே இருக்க வேண்டும். பேச்சு எல்லாம் தட்டையான பள்ளத்தைப் பற்றி மட்டும்தான். கந்தப்பளைத் தம்பி, உங்கள் காணிக்கு மேலே இருக்கும் மேட்டின் அடியில் வீடுகள் இருந்தால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு பலகைகூட வைக்காதீர்கள்.

கந்தப்பளைக்காரன்

மேட்டடியில் வீடு இல்லை, பைனஸ் மரம்தான். சரி, என் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு போயிருக்கும்? ஒரு குத்துமதிப்பாகவாவது சொல்லுங்கள்.

மண்வெட்டி

குத்துமதிப்பு என்று நீங்களே சொன்னதால் தைரியமாகப் போடுகிறேன்.

அரை ஏக்கர் என்றால் சுமார் 2,000 சதுர மீற்றர். இரண்டு அடி இறக்கம் 60 சென்ரிமீற்றர். ஆக 1,200 கன மீற்றர் காணாமல் போயிருக்கிறது. ஆனால் எல்லாம் காற்றில் போகவில்லை. தண்ணீர் வடிந்ததும் பஞ்சு அமுங்குவதைப் போல மண் அமுங்கும், அதில் கார்பன் எங்கும் போகாது. பாதியை அதற்கு விட்டுவிடுவோம். மிச்சம் 600 கன மீற்றர். பயிரிட்ட பீட் ஒரு கன மீற்றரில் உலர்ந்த எடை 200 கிலோ என்று வைத்தால் 120 தொன். அதில் 30 வீதம் கார்பன் என்றால் 36 தொன். ஒரு தொன் கார்பன் எரிந்தால் 3.67 தொன் கார்பன் டையொக்சைட், ஆக மொத்தம் சுமார் 132 தொன். முப்பது வருடத்துக்குப் பங்கு போட்டால் வருடம் 4.4 தொன்.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ வரும். அப்படியானால் உங்கள் பள்ளம் வருடத்துக்கு 1,900 லீற்றர் பெற்றோல் குடிக்கிறது. ஒரு ஆட்டோ 50,000 கிலோமீற்றர் ஓடும். மழையோ வெயிலோ, நீங்கள் தூங்கும்போதும் ஓடும்.

உலகக் கணக்கும் இதே மாதிரித்தான். பீட் நிலம் உலகத் தரையில் 3 வீதம்தான், ஆனால் காடுகளின் மரம் எல்லாம் சேர்த்து வைத்திருப்பதைவிட அதிகக் கார்பன் அதில் இருக்கிறது. அதில் வடித்துவிட்ட சின்னப் பங்கிலிருந்து மட்டும் வருடம் கிட்டத்தட்ட 200 கோடி தொன் கார்பன் டையொக்சைட் போகிறது. இந்தோனேசியாவில் 1996இல் நெல்லுக்கென்று களிமந்தான் பீட்டில் பல்லாயிரம் கிலோமீற்றர் கால்வாய் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, அடுத்த வருட வரட்சியில் நிலமே பற்றி எரிந்தது. அதனால்தான் ஈரமாக்குவதைப் பெரிய வழியாகப் பார்க்கிறார்கள். மரம் நட்டால் கார்பனை மெதுவாகத்தான் உறிஞ்சும். இங்கே ஓடிக்கொண்டிருக்கும் குழாயை மூடுகிறீர்கள், தண்ணீர் ஏறிய வருடமே கசிவு குறையும். போன 132 தொன் மட்டும் நம் காலத்தில் திரும்பி வராது. நல்ல சதுப்பிலேயே பீட் வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர்தான் வளரும்.

பாஸ்கி ஹட்டன்

அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. கரட் பிடுங்கும்போது மண்ணும் சேர்ந்து லொறியில் போகிறது. மழையில் கரைந்து கானில் போகிறது. அதெல்லாம் காற்றிலா போகிறது? அப்புறம் நுவரெலியாப் பக்கம் கறுப்பு மண் எல்லாம் பீட்டும் இல்லை.

மண்வெட்டி

இரண்டும் சரி. பாஸ்கி இன்று நல்ல மனநிலையில் இருக்கிறார் போல. மலைநாட்டில் சாதாரணக் கனிம மண்ணும் குளிரால் ஒரு சாண் கறுத்துத்தான் இருக்கும், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே முதலில் சோதிக்க வேண்டும்.

தம்பி, கொத்திப் பயிரிடாத ஓரத்தில் ஒரு அடி தோண்டி ஒரு பிடி ஈர மண்ணை எடுத்துக் கையில் பிழியுங்கள். களி மண் என்றால் விரலிடுக்கில் பசை மாதிரி வரும், தேய்த்தால் பளபளக்கும். பீட் என்றால் கறுத்த தண்ணீர் ஒழுகும், கையில் நாரும் வேரும் மிஞ்சும், காய்ந்தால் வைக்கோல் போல லேசாக இருக்கும். அடுத்து, நன்றாக உலர்த்தி 100 கிராம் நிறுத்து, பழைய மீன் டின்னில் போட்டு அடுப்பில் வையுங்கள். வீட்டுக்கு வெளியே வையுங்கள், நாற்றம் தாங்காது. கிளறிக் கிளறி, கறுப்பு எல்லாம் போய்ச் சாம்பல் நிறம் வரும்வரை. மிஞ்சுவதை நிறுத்துச் சொல்லுங்கள்.

கந்தப்பளைக்காரன்

(நாலு நாள் கழித்து)

பிழிந்தேன். தேநீர்ச் சாயம் மாதிரித் தண்ணீர் வந்தது, கையில் நார் மிஞ்சியது. ஒரு கோரைத் தண்டு முழுசாகவே இருந்தது, கணு கூடத் தெரிந்தது. அப்பா பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னால் முளைத்த கோரை என்று நினைக்கும்போது என்னவோ போல் இருந்தது. டின்னில் 100 கிராம் போட்டு மூன்று மணி நேரம் எரித்தேன். 58 கிராம் மிஞ்சியது. மனைவி இன்னும் கோபத்தில் இருக்கிறாள்.

மண்வெட்டி

அப்படியென்றால் 42 கிராம் எரிந்தது. எரிந்ததில் பாதிதான் கார்பன், ஆக 21 வீதம். களி கலந்த பீட். அடுப்புச் சோதனை கொஞ்சம் கூட்டிக் காட்டும், ஏனென்றால் களியில் ஒட்டிய தண்ணீரும் அதில் போகும். என் 30 வீதம் அதிகம். திருத்தினால் 132 இல்லை, 90 தொன் பக்கம். களி கலந்ததால் மண் நான் வைத்த 200 கிலோவைவிடக் கனமாக இருக்கும், அது கணக்கை மறுபடி கூட்டும். பாஸ்கி சொன்ன லொறியில் போன மண்ணைக் கழிக்க வேண்டும். வருடம் 3 தொன் என்று மனதில் வையுங்கள், அதற்கு மேல் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

பூச்சட்டி

3 தொன்னுக்கு எவ்வளவு காசு தருவார்கள் அண்ணே? என் மைத்துனர் கார்பன் விற்பது பற்றி ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார்.

மண்வெட்டி

அரை ஏக்கருக்கு அளக்கிற செலவே வருமானத்தைத் தின்றுவிடும். பள்ளம் முழுவதும் ஒன்றாகச் சேர்ந்தால் பார்க்கலாம். தனி ஆளுக்கு யாராவது காசு தருவதாகப் படிவம் நீட்டினால், எத்தனை வருடத்துக்குக் காணியைக் கட்டிப்போடுகிறீர்கள் என்பதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கந்தப்பளைக்காரன்

காசு இல்லாமல் லீக்ஸையும் விட்டுவிட்டு நான் என்ன சாப்பிடுவது? உண்மையாகத்தான் கேட்கிறேன்.

மண்வெட்டி

விடச் சொல்லவில்லை. 2021இல் வந்த ஒரு ஆய்வில், வடித்த பீட்டில் தண்ணீர் மட்டத்தை ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் உயர்த்தும்போதும் ஹெக்டேயருக்கு வருடம் குறைந்தது 3 தொன் மிச்சமாகும் என்று கண்டார்கள், மீத்தேனையும் சேர்த்து. மண்ணுக்கு 30 சென்ரிமீற்றர் கீழே வரும்வரை இது செல்லும். கோடையில் கான் தண்ணீர் எவ்வளவு கீழே போகிறது என்பதுதான் எல்லாம். மழையில் நிறைந்து மாசி பங்குனியில் இறங்கினால், வருடக் கசிவில் பெரும்பகுதி அந்த மாதங்களில்தான் போகும்.

ஒரு பி.வி.சி. குழாயில் வாளால் கீறல் போட்டு, துணி சுற்றி, மூன்றடி இறக்குங்கள். வாரம் ஒருதடவை குச்சி விட்டுத் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். பிறகு பெரிய கானில் பலகைத் தடுப்பு வையுங்கள், மேல் முனையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் தண்ணீர் உயரம் ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம், இல்லாவிட்டால் தண்ணீர் அடியைத் தோண்டிக்கொண்டு போய்விடும். பலகை இரண்டு கரைக்குள்ளும் மூன்றடியாவது புதைய வேண்டும். நடுவில் வழிவிடும் வெட்டு இருக்க வேண்டும், அதை உயர்த்த இறக்க முடிய வேண்டும். தடுப்புக்குக் கீழே கரையில் புதிதாக ஊற்று மாதிரிக் கசிந்தால் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். கல்லும் சீமெந்தும் போடாதீர்கள், பீட்டில் கனம் தாங்காமல் புதையும்.

கந்தப்பளைக்காரன்

குழாய் இறக்கினேன். இன்று காலை 62 சென்ரிமீற்றர். ஒரு அடிக்குக் கீழே கரட் கிழங்கு போகாது, ஆக 40க்கு உயர்த்தினால் பயிர் தாங்கும் என்று நினைக்கிறேன்.

லிந்துலை மலர்

40இல் கரட் தாங்கும், ஆனால் மழைக்கு நுனி அழுகும். பாத்தியை உயர்த்திப் போடுங்கள் தம்பி. கீழ்ப் பக்கக் கால்வாசியை மட்டும் முழுதாக ஈரமாக விட்டு மாட்டுப் புல்லோ வல்லாரையோ போட்டுப் பாருங்கள். எங்கள் பக்கம் வல்லாரைக்கு விலை மோசமில்லை.

மண்வெட்டி

62இலிருந்து 40 என்றால் அரை ஏக்கருக்கு வருடம் ஒன்றேகால் தொன் மிச்சம். வருகிற 3 தொன்னில் அது சின்னது இல்லை.

கந்தப்பளைக்காரன்

முதல் பலகை நேற்று வைத்தேன். இன்று மேல் காணிக்காரர் வேலியில் நின்றுகொண்டு, "உன் தண்ணீர் என் பீட்ரூட்டுக்குள் ஏறினால் பலகையை நானே பிடுங்குவேன்" என்கிறார். அவர் கான் என் கானில்தான் விழுகிறது. அவர் காணியிலும் குழாய் இறக்கலாமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய்க் கதைக்க வேண்டும்.